முதுகு கேட்கிறதா, மாத்திரை கேட்கிறதா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. நான்கு மாதத்துக்கு முன் முதுகு பிடித்துக்கொண்டபோது, டாக்டர் ஏழு நாளைக்கு வலி மாத்திரையும், தசை இளக இரவில் ஒரு டயசெபாம் 5 மாத்திரையும் எழுதினார். அதன் பிறகு டாக்டரிடம் போகவில்லை. காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார். பகலில் தூங்கி வழிகிறார்; இரண்டு முறை பைக்கிலிருந்து விழப் பார்த்தார். போன மாதம் நிறுத்திப் பார்த்தோம். இரண்டு நாள் நன்றாக இருந்தார். மூன்றாம் நாள் முதல் முதுகு இறுகி, தூக்கம் போய், கை நடுங்கியது. ஆறாம் நாள் மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது. அப்படியென்றால் மாத்திரை அவருக்குத் தேவைதானே? சீட்டு இல்லாமல் கடையில் கொடுப்பது சரியா? — வாசகி, குலசேகரம்.

பதில்: அந்த மாத்திரையைக் கேட்பது முதுகு அல்ல, அதற்குப் பழகிவிட்ட மூளை. ஆனாலும் இன்றிரவே அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நான்கு மாதம் தொடர்ந்து போட்ட டயசெபாமைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எப்படி நிறுத்துவது என்பதைப் பிறகு சொல்கிறேன். கடைக்காரர் செய்வது சட்டப்படி தவறு. அதையும் கடைசியில் விளக்குகிறேன்.

தசையை இளக்கும் மாத்திரை என்றதும், அது நேராக முதுகுக்குப் போய் இறுகிய தசையைப் பிசைந்துவிடுவதுபோல நாம் நினைத்துக்கொள்கிறோம். முதுகுவலிக்கு எழுதப்படும் இந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் தசையைத் தொடுவதே இல்லை. அவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. நரம்புகளின் பரபரப்பை அடக்க நம் உடலிலேயே காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. டயசெபாம் அந்தக் காபாவின் அடக்கும் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. தசைக்குப் போகும் கட்டளை தணிவதால் தசை இளகுகிறது; அதே அடக்கம் விழிப்பையும் கவனத்தையும் கால் நிதானத்தையும் ஆளும் இடங்களிலும் நடப்பதால் தூக்கம் வருகிறது. ஆகவே தூக்கத்தைப் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. இளக்கமும் தூக்கமும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். தூக்கம் தராமல் தசையை மட்டும் இளக்கும் டயசெபாம் என்று எதுவும் கிடையாது.

இரவில் ஒரே ஒரு மாத்திரைதானே, விடிந்தால் இறங்கிவிடும் என்று உங்கள் கணவர் நினைத்திருக்கலாம். டயசெபாம் அப்படி இறங்குவதில்லை. உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய இளைஞர்களுக்கு ஒரு நாளுக்குச் சற்று முன்பின் ஆகலாம். வயது கூடக்கூட அந்தக் காலமும் நீளும். அவருடைய வயதில் தோராயமாக இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் இரவு 5 மில்லிகிராம். மறுநாள் இரவு அடுத்த மாத்திரையைப் போடும்போது பழையதில் மூன்றரை மில்லிகிராம் மீதி இருக்கும். ஆக மொத்தம் எட்டரை. மூன்றாம் இரவு 11. ஐந்தாம் இரவு 14. இரண்டு வாரத்தில் 17-ஐ எட்டி, அதற்கு மேல் ஏறாமல் நிற்கும். போடுவது 5, உடலில் கிடப்பது ஏறக்குறைய 17. இதுவும் குறைவான கணக்குதான். ஏனென்றால் கல்லீரல் டயசெபாமை உடைக்கும்போது உண்டாகும் இன்னொரு பொருளும் அதே வேலையைச் செய்யக்கூடியது, டயசெபாமைவிட நெடுநேரம் தங்கக்கூடியது.

பால்வெட்டுக்காரரின் நாளோடு இதைப் பொருத்திப் பாருங்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்குப் போட்ட மாத்திரை அதிகாலையில் ஏறக்குறைய முழு அளவில் இரத்தத்தில் இருக்கும். பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில், உள்ளே மரத்தில் காயம் படாமல் சீவியெடுக்கும் கை, அந்த நிலையில் பிசகும். சமீப காலமாக அவர் வெட்டும் மரங்களில் காயம் கூடியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பைக்கில் தடுமாறுவதற்கு முன்பே அங்கே அடையாளம் தெரிந்திருக்கும். ஈரப்பாறையும் வளைவும் நிறைந்த மலையோரச் சாலையில் அவர் இப்போது வண்டி ஓட்டக் கூடாது. மருந்து முழுவதும் விலகும் வரை யாராவது பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகட்டும். மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதை அறவே நிறுத்த வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கூட்டி, தூக்கத்திலேயே மூச்சை மந்தமாக்கிவிடக் கூடியவை.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மாத்திரையை நிறுத்தியதும் முதுகு இறுகியது, மறுபடி போட்டதும் இளகியது. எனவே நோய் இன்னும் இருக்கிறது என்பது உங்கள் முடிவு. நல்ல அறிவுள்ளவர்களையும் இந்த இடம்தான் ஏமாற்றுகிறது. வாரக்கணக்கில் அடக்கும் மருந்து உள்ளே இருந்துகொண்டே இருக்கும்போது, மூளை தன் பங்குக்கு அடக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பரபரப்பைக் கூட்டிக்கொண்டு சமன் செய்கிறது. அதனால்தான் முதல் வாரத்தில் கிடைத்த சுகம் பிறகு கிடைப்பதில்லை. மருந்தை எடுத்துவிட்டால், கூட்டிவைத்த அந்தப் பரபரப்பு எதிர்ப்பில்லாமல் வெளிப்படுகிறது. அதன் அறிகுறிகள் தூக்கமின்மை, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை; அவற்றோடு தசை இறுக்கமும் தசைவலியும். எந்தத் தொந்தரவுக்காக மாத்திரை தொடங்கினாரோ, அதே தொந்தரவின் உருவத்தில் மாத்திரையின் பிரிவு வந்து நிற்கிறது.

இது முதுகுவலியா, மருந்துப் பிரிவா என்று பிரித்தறிய நீங்களே நல்ல தடயம் தந்திருக்கிறீர்கள். இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் தொடங்கியது என்கிறீர்கள். முதுகுதான் காரணமென்றால் வலி குனியும்போதும் பால் வாளியைத் தூக்கும்போதும் கூடும், படுத்தால் குறையும். நாட்கணக்குப் பார்த்து வராது, கையை நடுங்க வைக்காது. உடலில் தங்கிய மருந்து வடிந்து ஓர் அளவுக்குக் கீழே போன பிறகு தொடங்கி, வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் உடம்பு முழுவதும் இறுகுவதும், நடுக்கமும் தூக்கமின்மையும் கூடவே வருவதும் மருந்துப் பிரிவின் நடை. மறுபடி மாத்திரை போட்டதும் எல்லாம் சேர்ந்து அடங்கியதும் அதைத்தான் காட்டுகிறது.

திடீரென வந்த முதுகுப்பிடிப்புக்கு இந்த மாத்திரை தொடக்கத்திலாவது பெரிய உதவியாக இருந்திருக்குமா என்றால், அதுவும் ஐயத்துக்குரியது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவசரப் பிரிவுக்கு முதுகுவலியோடு வந்தவர்களுக்கு நாப்ராக்சென் என்ற வலி மாத்திரையோடு ஒரு பாதிப் பேருக்கு டயசெபாமும் மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஏழு நாளைக்கு மட்டும் எழுதிய டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏழு நாள் என்ற வரம்பு நான்கு மாதமாக நீண்டதுதான் கேடு.

நிறுத்தும் முறை இதுதான்: நிறுத்துவதல்ல, இறக்குவது. 2 மில்லிகிராம் மாத்திரையும் கிடைப்பதால், மருத்துவர் அளவைச் சிறு சிறு படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ உடலைப் பழகவிட்டு, சில மாதங்களில் முழுவதும் விடுவிக்க முடியும். ஒரு படியில் தொந்தரவு கூடினால் அதே படியில் இன்னும் சில நாள் நிற்கலாம். மேலே ஏற வேண்டியதில்லை. எந்தப் படி, எத்தனை நாள் என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதலில் எழுதிய டாக்டரிடமே போகலாம். இல்லையென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மனநலப் பிரிவு என்றதும் உங்கள் கணவர் முகம் சுளித்தால், இந்த வகை மாத்திரைகளை இறக்குவதில் கைதேர்ந்தவர்கள் அங்கே இருப்பதால்தான் போகிறோம் என்று சொல்லுங்கள். காலி அட்டைகளையும், எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்ற உண்மைக் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். சில இரவுகளில் இரண்டு போட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். இடையில் வலிப்பு வந்தாலோ, ஆள் தெரியாமல் பிதற்றினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த அளவு மாத்திரையில் அது அபூர்வம்தான். ஆனால் திடீரென நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

டயசெபாமுக்குப் பதில் தசை இளக்கும் இன்னொரு மாத்திரையான டைசானிடின் கொடுங்கள் என்று கடையில் கேட்டு வாங்க நினைக்கலாம். வேண்டாம். அது வேறு வழியில் வேலை செய்வது, டயசெபாம் அளவுக்குப் பழக்கத்தில் இழுக்காதது என்பது உண்மை. ஆனால் டயசெபாம் பிரிவை அது ஈடுகட்டாது. அதுவும் தூக்கம் தரும். இரத்த அழுத்தத்தையும் இறக்கும். வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் அதைச் சேர்த்துப் போட்டால், கல்லீரலில் அது உடைவது தடைப்பட்டு, இரத்தத்தில் பல மடங்கு ஏறி, எழுந்து நின்றவர் மயங்கி விழக்கூடும். இவ்விரண்டையும் சேர்க்கவே கூடாது. முதுகுவலிக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இது வலி மருந்தோடு சேர்ந்தே இருப்பதால், முன்பக்கக் கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படிக்க வேண்டும்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் உள்ள டயசெபாம் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் இது எச்1 பட்டியல் மருந்து என்ற எச்சரிக்கை இருக்கும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பட்டியலின்படி, கடைக்காரர் மருத்துவரின் சீட்டைப் பார்த்த பிறகே விற்க வேண்டும். எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதாவிட்டால், ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. காலி அட்டை சீட்டாகாது. நான் மருந்துக்கடையில் மருந்தாளுநராக நின்ற காலத்தில், இப்படி அட்டையை நீட்டியவர்களைத் திருப்பி அனுப்பியதற்காக முதலாளியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஆகவே இது அறியாமல் நடப்பதல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி எந்த மருந்து வாங்கினாலும் பில் கேளுங்கள். அதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கட்டும். மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கடை, வாங்கிய தேதிகள், பில்களின் நகல், முதல் சீட்டின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். அந்தத் தேதிகளைக் கடையின் எச்1 பதிவேட்டோடு ஒப்பிட்டாலே உண்மை வெளிப்படும். விழுந்து காயம்பட்டிருந்தாலோ மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடவும் வழி உண்டு. கையில் பில் எதுவும் இல்லையென்றால் ஆணையத்தில் நிரூபிப்பது கடினம். அப்போது மருந்து ஆய்வாளரிடம் கொடுக்கும் புகாரோடு நின்றுகொள்ளுங்கள். எதுவானாலும் முதலில் மருத்துவரைப் பார்த்து முறையான சீட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு புகார் கொடுங்கள். இறக்கும் காலத்துக்கு வேண்டிய மாத்திரை நடுவில் கிடைக்காமல் போய்விடக் கூடாது.