ஜெர்மனி வீட்டு வரி: கடிதம் யாருக்கு?

"டோர்ட்முண்ட் பக்கம் சொந்த வீடு. நகராட்சி அனுப்பிய வரி அறிவிப்பைப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். வீட்டு மதிப்பே கூடுதலாக இருக்கிறது. நகராட்சிக்கு என்ன எழுதுவது?"

மதிப்பைப் பற்றி நகராட்சிக்கு எழுதிப் பயனில்லை. மதிப்பை முடிவு செய்வது வரி அலுவலகமான ஃபினான்ஸ்அம்ட். உதாரணமாக, மதிப்பு 3,00,000 யூரோ என்றால், குடியிருப்புக்கு ஆயிரத்துக்கு 0.31 வீதம் அங்கே 93 யூரோ என்று வரும். நகராட்சி அதைத் தன் விகிதத்தால் பெருக்கும், அவ்வளவுதான். விகிதம் 500 சதவீதம் என்றால் வரி 465.

அதனால் முதலில் ஃபினான்ஸ்அம்டின் பழைய மதிப்பு அறிவிப்பை எடுங்கள். வீட்டின் பரப்பளவும் கட்டிய ஆண்டும் சரியா என்று பாருங்கள். தவறு அங்கேதான் என்றால் ஆட்சேபத்தை அவர்களுக்கே அனுப்புங்கள். அதற்கான கெடு ஒரு மாதம். கெடு தாண்டியிருந்தாலும், திருத்தினால் மதிப்பு 15,000 யூரோவுக்கு மேல் மாறும் என்றால் திருத்தம் கேட்கலாம்.

நகராட்சிக்கு எழுதும் கடிதம் சின்னதாகவே இருக்கட்டும். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, ஃபினான்ஸ்அம்டில் திருத்தம் கேட்டிருப்பதைத் தெரிவியுங்கள். கட்டச் சிரமம் என்றால் தவணை கேளுங்கள். ஆட்சேபம் போட்டாலும் கட்ட வேண்டிய தேதி தள்ளிப் போகாது, தயவுசெய்து பணத்தை நிறுத்தாதீர்கள். அப்புறம், எண்களை மொழிபெயர்ப்பில் பார்க்காமல் மூலத் தாளில் பாருங்கள். அங்கே கமாதான் தசமப் புள்ளி.