"எதுவும் என்னிடம் இல்லை" என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் தனியாக டிராயிங் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு எட்டு மாதம் புது இம்பெல்லர் வேலை பார்த்தேன், முடிந்துவிட்டது. "ரகசிய ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தந்துவிட்டேன் அல்லது அழித்துவிட்டேன், எந்த வடிவத்திலும் பிரதி என்னிடம் இல்லை" என்று 15 நாளில் கடிதம் கேட்கிறார்கள். அவர்களே எழுதி அனுப்பியதில் கையெழுத்துப் போட்டால் போதுமா? கடைசி பில் பணம் இன்னும் வரவில்லை. (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: இன்றைக்கே போட்டுவிடாதீர்கள். "எந்த வடிவத்திலும்" என்ற சொல்தான் உங்களை மாட்டிவிடும். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு கடிதம் கொடுத்தேன். பிறகு பழைய போனைத் திறந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த அதே கம்பெனியின் அளவுத்தாள் கேலரியில் கிடந்தது. தெரியாமல் எழுதியதுதான். ஆனாலும் நான் எழுதிக் கொடுத்தது உண்மையில்லை.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, திருப்பித் தருவதா அழிப்பதா என்று முடிவு செய்வது யார் என்று பாருங்கள். கம்பெனி என்று இருந்தால் அவர்களிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எதையும் அழிப்பதற்கு முன்பு ஒரு பட்டியல் போடுங்கள்: அவர்கள் தந்த டிராயிங், நீங்கள் எடுத்த பிரிண்ட், உங்கள் கணக்கு நோட்டு, கணினி, பென் டிரைவ், மெயில், போன். பலரும் மறப்பது வெளியாளைத்தான். மாதிரி அச்சு செய்ய பேட்டர்ன் பட்டறைக்கு டிராயிங் அனுப்பியிருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும். அதைத் திருப்பித் தந்துவிட்டேன் அல்லது அழித்துவிட்டேன் என்று பட்டறைக்காரர் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்த பிறகுதான் உங்கள் கடிதத்துக்குத் தேதி போட வேண்டும்.

கம்பெனி தந்த மூலத்தாள்களை நேரில் கொடுத்து, பட்டியலின் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நீங்கள் எடுத்த பிரிண்ட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடவே கூடாது. பின்பக்கம் வெற்றாக இருக்கும் பெரிய தாள் எத்தனை கை மாறும் என்று சொல்ல முடியாது. நீள நாடாவாக வெட்டும் ஷ்ரெட்டரில் போட்டால் பொறுமை உள்ளவர் ஒட்டிவிடுவார். குறுக்கேயும் வெட்டிச் சிறு துண்டாக்கும் மெஷினில் போடுங்கள்.

கணினியில் ஃபைலை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். கூகுள் டிரைவிலும் ஜிமெயிலிலும் அழித்தது 30 நாள் வரை குப்பையில் இருக்கும், அதையும் நீங்களே காலி செய்யுங்கள். பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் அழித்த இடத்தின் மேல் வேறு தரவை எழுதிவிட விண்டோஸில் இந்தக் கட்டளை உண்டு, D இருக்கும் இடத்தில் உங்கள் டிரைவின் எழுத்தைப் போடுங்கள்:

```
cipher /w:D:\
```

எஸ்எஸ்டி என்றால் இதை நம்பி "மீட்கவே முடியாது" என்று எழுதாதீர்கள். அதில் எல்லா இடத்தின் மேலும் எழுதிவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "அழித்துவிட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள்.

சில தாள்களை வைத்திருக்கத்தான் வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு இருந்தால், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். ஆகவே பில்லும் ஒப்பந்தமும் உங்களிடமே இருக்கும், அதைக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். நாளை பம்ப் சரியில்லை என்று பழி உங்கள் மேல் வந்தால் காட்ட, நீங்கள் கொடுத்த இறுதி டிராயிங்கின் ஒரு பிரதியும் தேவைப்படலாம். அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், மூடிய உறையில் உங்கள் வக்கீலிடம் வைக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அவர்கள் அனுப்பிய வாசகத்துக்குப் பதில் இப்படி எழுதலாம்:

"இணைப்பு 1-ல் உள்ள 14 தாள்களைத் திருப்பித் தந்தேன், ரசீது பெற்றேன். இணைப்பு 2-ல் உள்ள பிரதிகளையும் ஃபைல்களையும் அதில் குறித்த தேதிகளில் அழித்தேன். பேட்டர்ன் பட்டறையின் உறுதி இத்துடன் உள்ளது. ஒப்பந்தம், பில்கள், தானியங்கி பேக்கப்பில் தங்கியிருக்கக்கூடியவை தவிர, நான் தேடி அறிந்தவரை வேறு பிரதி இல்லை. அந்த பேக்கப்பைத் திறந்து பயன்படுத்த மாட்டேன், அடுத்த சுழற்சியில் அதன் மேல் புதியது எழுதப்படும். மீதமுள்ளவற்றுக்கு ரகசியக் கடமை தொடரும்."

14 என்பது உதாரணம், உங்கள் எண்ணிக்கையைப் போடுங்கள்.

பணம் வரும்வரை டிராயிங்கைப் பிடித்து வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களில் திருப்பித் தரும் கடமை பெரும்பாலும் பில்லோடு கட்டப்படாமல் தனியாகவே நிற்கும். பிடித்து வைத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பில்லுக்குத் தனிக் கடிதம் போடுங்கள். அவர்கள் தந்த மாதிரியின் கடைசி வரிகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "இரு தரப்புக்கும் பாக்கி எதுவும் இல்லை" என்று அங்கே இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.