பொம்மை மறைய, கழுத்தின் உள்பக்கம் தெரிய

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே குர்தி விற்கிறேன். பொம்மையே தெரியாமல் உடுப்பு மட்டும் தானாக நிற்பது போலப் படம் எடுக்க ஆசை. அதற்குக் கழுத்தும் நெஞ்சும் தனியாகக் கழற்றக்கூடிய பொம்மைதான் வேண்டும் என்று புறக்கோட்டைக் கடைக்காரர் சொல்கிறார். சாதாரணப் பொம்மையின் இரண்டு மடங்கு விலை. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கையிலிருக்கும் சாதாரணப் பொம்மையே போதும், படம் மட்டும் இரண்டு எடுக்க வேண்டும். கழற்றும் பொம்மை, இறக்கமான கழுத்துள்ள உடுப்புகளை நாள் முழுக்க எடுப்பவர்களுக்குப் பயன்படும். நெஞ்சுத் துண்டைக் கழற்றினால் பின்கழுத்தின் உள்பக்கம் நேரடியாகவே தெரிந்துவிடும். ஆனால் நிமிர்ந்த பட்டிக் கழுத்துள்ள குர்தியில் அந்தத் துண்டை எடுத்ததும் பட்டி தாங்க ஆளில்லாமல் உள்ளே சரியும். பிறகு அதற்கும் இரண்டாவது படம் எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

கடுநீலப் பருத்திக் குர்தி, பட்டிக் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக அயன் பண்ணிப் பொம்மைக்கு அணிவித்து, வெளிர் சாம்பல் பின்னணியில் நெஞ்சு உயரத்தில் போனை ஸ்டாண்டில் வையுங்கள். மிக அருகே வைத்தால் நெஞ்சுப்பகுதி ஊதித் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஸூமில் எடுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இதுதான் முதல் படம்.

ஸ்டாண்டை அசைக்காமல் குர்தியைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, திரும்பவும் அணிவித்து, பொம்மையின் முதுகு கமராவைப் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது பின்கழுத்துப் பட்டியின் உள்பக்கமும் லேபிளும் நேராகத் தெரியும். லேபிள் எழுத்தும் சரியான திசையிலேயே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதானால் இரண்டையும் அடுத்தடுத்து முடித்துவிடுங்கள். நடுவில் மேகம் மூடினால் நீலம் இரண்டு நீலமாகிவிடும்.

இனி இணைப்பது. போட்டோஷாப் இல்லாவிட்டால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் போட்டோபீயில் செய்யலாம். முதல் படத்தில் உடுப்பின் விளிம்பை `Pen Tool` கொண்டு சுற்றி வரைந்து, பொம்மையை `Layer Mask` போட்டு மறையுங்கள். கழுத்து இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். இரண்டாவது படத்திலிருந்து பட்டி, லேபிள், அதன் கீழே நாலு விரல் அகலத் துணி, இவ்வளவையும் வெட்டி முதல் படத்துக்கு அடியிலுள்ள லேயரில் வையுங்கள்.

வைத்தவுடனே பொருந்தாது. இரண்டாவது படத்தில் பட்டி கமராவுக்கு முன்னே புடைத்து நின்றது, அதனால் கொஞ்சம் பெரிதாகவும் நடுவில் மேலே வளைந்தும் இருக்கும். உண்மையில் அது கழுத்துக்குப் பின்னால் இருப்பது. நெஞ்சு உயரத்திலிருந்து பார்த்தால் அதன் நடு சற்றுக் கீழே தொய்ந்தாற்போல்தான் தெரிய வேண்டும். அதனால் துண்டைச் சிறிது சுருக்கி, `Edit > Transform > Warp` எடுத்து, நடுவைக் கீழே இழுங்கள். இரண்டு ஓரமும் தோள் தையலில் முன்பட்டியோடு சேர வேண்டும். தோள் தையல் கோடு அங்கே முறிந்தால் எந்த வாங்குபவருக்கும் ஏதோ சரியில்லை என்று படும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

அடுத்தது நிழல். உள்பக்கம் குழிவுக்குள் இருப்பதால் வெளித்துணியை விடக் கருமையாக இருக்க வேண்டும். உள்துண்டின் மேல் புது லேயர் ஒன்றில், மென்மையான பிரஷ்ஷால் லேசான கறுப்பைத் தடவுங்கள். முன்கழுத்து விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் அழுத்தமாக, மேலே போகப் போக மங்கலாக. இது இல்லாவிட்டால் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலிருக்கும். எடிட் பண்ணக் காசு கொடுத்து வேறொருவரிடம் விடுவதானாலும், மாதிரிப் படம் கேட்டு முதலில் தோள் தையலையும் இந்த நிழலையும் பாருங்கள். பின்னணி எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

மெல்லிய வெள்ளைத் துணிக்கு மட்டும் இது சுலபமில்லை. தோல் நிறப் பொம்மை துணிக்குள்ளே தெரியும், அதை எடிட்டில் நீக்குவது பெரிய தலையிடி. அதற்கு வெள்ளைப் பொம்மையை இரவல் வாங்குவது நல்லது.

இன்னொன்று. முதுகில் கிளிப் போட்டு இறுக்கினால் முன்னால் அழகாகப் பொருந்தும், படத்தில் கிளிப்பும் தெரியாது. சுருக்கம் எடுக்கும் அளவுக்குச் சரி. தொளதொள குர்தியை இடுப்பு வடிவாகக் காட்டினால் பார்சல் திரும்பி வரும். தவறான எண்ணம் தரும்படி விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் தடுக்கிறது. கிளிப் போட்டால் மார்பு, இடுப்புச் சுற்றளவை அங்குலத்தில் படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.