மொத்த மதிப்பு ஒத்துப்போனாலும் அலமாரியில் பொருள் இல்லை: இருப்புத் துல்லியத்தைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு பேரிங், பெல்ட், போல்ட் நட்டு சப்ளை செய்கிறோம். குடோனில் சுமார் 62 லட்ச ரூபாய் சரக்கு. மார்ச் மாதம் எண்ணியபோது 1,12,000 ரூபாய்க்குக் குறைவும் 94,000 ரூபாய்க்கு அதிகமும் வந்தது. நிகர வித்தியாசம் 18,000 ரூபாய்தான், 0.3 சதவீதம்கூட இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் இருப்பதாகக் காட்டும் பேரிங் கேட்டால் பல நேரம் அலமாரியில் இல்லை. துல்லியத்தை எப்படிக் கணக்கிடுவது? எவ்வளவு வித்தியாசம் வந்தால் விசாரிக்க வேண்டும்?

பதில்: குறைவையும் அதிகத்தையும் கழித்துப் பார்த்ததால்தான் அந்த 0.3 சதவீதம் கிடைத்தது. கழிக்காமல் இரண்டையும் கூட்டினால் 2,06,000 ரூபாய், அதாவது 3.3 சதவீதம். நிகரக் கணக்கு உங்கள் ஆடிட்டருக்குப் போதுமானது. ஆத்தூரிலிருந்து ஆலைக்காரர் அரைவைப் பருவத்தில் போன் செய்து பேரிங் கேட்கும்போது அது உதவாது, ஏனெனில் ஓர் ஐட்டம் அதிகமாக இருப்பது இன்னோர் ஐட்டத்தின் குறைவை ஈடு செய்யாது. ஆகவே துல்லியத்தை ரூபாயில் அளக்காமல், பதிவுகளின் எண்ணிக்கையில் அளக்க வேண்டும். ஒவ்வோர் ஐட்டமும் ஒரு பதிவு. கம்ப்யூட்டர் எண்ணுக்கும் கையில் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் ஏற்கும் அளவைத் தாண்டாவிட்டால் அது வரம்புக்குள் வந்த பதிவு.

```
துல்லியம் % = (வரம்புக்குள் வந்த பதிவுகள் ÷ எண்ணிய பதிவுகள்) × 100
```

ஒரு மாதத்தில் 40 ஐட்டங்களை எண்ணி, 35 வரம்புக்குள் வந்தால் துல்லியம் 87.5 சதவீதம். ஐந்து ரூபாய் போல்ட்டும் ஐயாயிரம் ரூபாய் பேரிங்கும் இந்தக் கணக்கில் சமம் என்பதால், மதிப்பு மிகுந்த ஏ வகை, நடுத்தர பி வகை, சில்லறையான சி வகை என்று பிரித்துத் தனித்தனியே எழுதி வையுங்கள். மேற்சொன்ன 40-இல் ஏ வகை 10-க்கு 8, பி வகை 12-க்கு 10, சி வகை 18-க்கு 17 என்றால், ஏ வகையின் துல்லியம் 80 சதவீதம்தான் என்பது அப்போதுதான் கண்ணில் படும். பத்து ஐட்டங்களில் ஒன்று மாறினாலே பத்து புள்ளிகள் நகரும் என்பதால், ஒரு மாத எண்ணை வைத்து யாரையும் குறை சொல்லவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம்.

இனி டாலரன்ஸ் எனப்படும் ஏற்பு வரம்பு. ஏ வகைக்கு 0.2, பி வகைக்கு 1, சி வகைக்கு 5 சதவீதம் என்பது பாடப்புத்தகங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். உங்கள் குடோனுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 18 பேரிங் இருக்கும் இடத்தில் 0.2 சதவீதம் ஒரு பேரிங்கில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 60 பெல்ட்டில் 1 சதவீதம் என்பது முக்கால் பெல்ட்டுக்கும் குறைவு. கையால் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய எதற்கும் வரம்பு பூஜ்யம்தான். எண்ணும் முறையிலேயே பிழை இருக்கும் பொருளுக்கு மட்டுமே வரம்பு தேவை. உங்கள் சரக்கில் அது தராசில் நிறுத்து எண்ணப்படும் போல்ட், நட்டு, வாஷர்.

அந்த வரம்பை ஊகித்து வைக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு வகைப் போல்ட்டில் 1,000-ஐக் கையால் எண்ணி, எண்ணும் தராசில் மூன்று முறை நிறுத்துப் பாருங்கள். 988, 1,009, 1,013 என்று காட்டினால் அதிகபட்சப் பிழை 1.3 சதவீதம், வரம்பை 2 சதவீதமாக வைக்கலாம். மாதிரியாகப் பத்து போல்ட் வைத்து ஒரு போல்ட்டின் எடையைத் தராசுக்குப் பழக்குவதைவிட நூறு வைத்துப் பழக்கினால் பிழை குறையும், வரம்பையும் இறுக்கலாம். பதிவில் பூஜ்யம் இருந்து அலமாரியில் ஒன்று கிடைத்தால் சதவீதமே கணக்கிட முடியாது. அதைத் தவறு என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வரம்பு மீறினால் உடனே விசாரணையில் இறங்கக் கூடாது. முதலில் வேறொருவர், கம்ப்யூட்டர் எண்ணைப் பார்க்காமல், மறுபடி எண்ண வேண்டும். அதோடு பில் போடாமல் செலானில் போன சரக்கும், வந்திறங்கியும் பதிவாகாத சரக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். வித்தியாசங்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும். மிஞ்சுவதில் ஏ வகை எதுவானாலும் விசாரியுங்கள். மற்றவற்றில் வித்தியாசத்தின் மதிப்பு, ஓர் ஆள் அரை நாள் பழைய பில்களைத் தேடும் செலவைத் தாண்டினால் மட்டும் விசாரியுங்கள். உங்கள் சம்பளக் கணக்கில் அது 500 ரூபாயோ 800 ரூபாயோ, அதை ஒருமுறை முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் நிலை வரக் கூடாது.

விசாரணை என்றால் கடைசியாகச் சரியாக எண்ணிய தேதியிலிருந்து இன்றுவரை அந்த ஐட்டத்தின் வரவு, போக்கு, திரும்பி வந்தது என ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிடுவது. ஆனால் அதற்கு முன் பக்கத்து அலமாரியைப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு குடோனில் நான் பார்த்தது இது: 6205 ZZ பேரிங் பதிவில் 18, கையில் 14. வெளியில் திருட்டு என்றே பேச்சு. அதற்கு அடுத்த தட்டில் 6205 2RS பதிவில் 9, கையில் 13. இரண்டுக்கும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். ஒன்றில் பக்கவாட்டு மூடி தகடு, மற்றதில் ரப்பர். கவுண்டரில் ரப்பர் மூடியைக் கேட்டவருக்குத் தகடு மூடி எடுத்துக் கொடுக்கப்பட்டது, பில் மட்டும் கேட்டபடி போடப்பட்டது. எத்தனை குறைந்ததோ அத்தனை இன்னொன்றில் கூடியிருந்தால், அது பெரும்பாலும் இடம் மாறிய பொருள்தான்.

வரம்புக்குள் வந்தாலும் விசாரிக்க வேண்டிய ஒரு நிலை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சுமார் 2,400 போல்ட் இருக்கும் பெட்டிக்கு 2 சதவீதம் என்றால் 48 வரை சரி. ஐந்து மாத எண்ணிக்கையில் 31, 44, 27, 40, 38 என ஒவ்வொரு முறையும் குறைவு, ஒவ்வொரு முறையும் வரம்புக்குள், ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதப்பட்டது. கூட்டினால் 180 போல்ட். தராசுப் பிழையானால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். தற்செயலாகவே ஐந்து முறையும் குறைவாக வர 32-இல் ஒரு வாய்ப்புதான். இப்படிப்பட்ட இடத்தில் நான் கண்ட காரணம் கொசுறு: பத்து கேட்டவருக்குக் கையள்ளிப் பன்னிரண்டு கொடுக்கும் பழக்கம். ஆகவே வித்தியாசத்தின் அளவோடு, அது கூடுதலா குறைவா என்பதையும் ஒரு தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள்.

டேலியில் Physical Stock வவுச்சர் போட்டவுடன் புத்தக இருப்பு எண்ணிய அளவுக்கு மாறிவிடும். எனவே காரணத்தைக் குறித்த பிறகே அதைப் போடுங்கள். உண்மையிலேயே காணாமல் போன சரக்கைத் தள்ளுபடி செய்யும்போது, அதற்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கடனை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி திருப்ப வேண்டும். இடம் மாறிய பேரிங்கைத் திருட்டு என்று எழுதிவிட்டால் அந்த வரியும் வீணாகக் கையை விட்டுப் போகும்.