மூன்று லாரி வைத்திருப்பவர் டிரைவர் சம்பளத்தை எங்கே கழிப்பது?

கேள்வி: என் பேரில் மூணு லாரி ஓடுது. வருமான வரிச் சட்டத்துல லாரிக்காரங்களுக்கான 44ஏஇ பிரிவுல கணக்கு காட்டச் சொல்றாங்க. டிரைவர் சம்பளம், பேட்டா எல்லாம் போக மீதிதானே வருமானம்? அதை எந்த இடத்துல கழிக்கணும்?

எங்கேயும் கழிக்க முடியாது. ஏற்கெனவே கழித்தாகிவிட்டது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நானும் முதல் வருடம் இதில்தான் தடுக்கி விழுந்தேன். 28 டன் பத்து சக்கர வண்டிக்கு மாதம் 28,000 என்று போட்டு, வருடத்துக்கு வந்த 3,36,000 ரூபாயிலிருந்து டிரைவருக்குக் கொடுத்த 3,60,000-ஐக் கழித்தேன். நஷ்டம் வந்துவிட்டது! டீசல் கணக்கையே இன்னும் தொடவில்லை. அப்போதுதான் உறைத்தது: அந்த 28,000 வாடகை வரவு இல்லை, எல்லாச் செலவும் போன பிறகு கையில் நிற்பதாகச் சட்டம் வைத்துக்கொள்ளும் லாபம். சம்பளம், பேட்டா, கிளீனர் கூலி, டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் வட்டி, தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். கூட்டு நிறுவனமாக இருந்தால் மட்டும் பங்குதாரர் சம்பளத்தையும் வட்டியையும் வரம்புக்குள் தனியாகக் கழிக்கலாம். சொந்தப் பேரில் வண்டி வைத்து நீங்களே ஸ்டியரிங் பிடித்தாலும் உங்களுக்கென்று சம்பளம் போட்டுக் கழிக்க வழியில்லை.

கணக்கு இப்படித்தான் வரும். ஆர்.சி.யில் மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால் அது கனரக வண்டி. டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். பார்க்க வேண்டியது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை, ஏற்றும் லோடை மட்டும் அல்ல. 12,000 கிலோ வரை உள்ள வண்டிக்கு எடை எவ்வளவானாலும் மாதம் 7,500 ரூபாய்.

உங்களிடம் 28 டன் வண்டி ஒன்றும், சின்ன வண்டி ஒன்றும் வருடம் முழுக்க இருக்கின்றன, 35 டன் வண்டி ஒன்றை அக்டோபர் 20-ல் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு 3,36,000. சின்னதற்கு 90,000. மூன்றாவதற்கு அக்டோபரில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் என்றாலும் முழு மாதமாக எண்ண வேண்டும். மார்ச் வரை ஆறு மாதம், 2,10,000. மொத்தம் 6,36,000. வேறு வருமானம் இல்லாத தனிநபர் என்றால் 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே வராது. உண்மையில் இதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அந்தத் தொகையைத்தான் காட்ட வேண்டும்.

நம் தொழிலில் வலிக்கிற இடம் ஒன்று உண்டு. டிரைவர் கிடைக்காமல் வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்றாலும் அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. வண்டி ஓடியதா என்று சட்டம் கேட்பதில்லை, உங்கள் பேரில் இருந்ததா என்றுதான் கேட்கிறது. ஃபைனான்ஸில் எடுத்த வண்டிக்கும் நீங்களே உரிமையாளர். வருடத்தில் ஒரு நாளாவது பத்து வண்டிக்கு மேல் வைத்திருந்தால் இந்த வழியே கிடையாது.

டிரைவர் செலவு ஏறி நிஜ லாபம் 6,36,000-க்குக் கீழே போய்விட்டதா? குறைத்துக் காட்டலாம், ஆனால் முழுக் கணக்குப் புத்தகம் எழுதி ஆடிட்டும் செய்ய வேண்டும். அந்தப் பாதையில் பேட்டாவுக்கு டிரிப் ஷீட், சம்பளத்துக்குக் கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும். மேலே சொன்ன மாதிரி வரியே வராதவர் அதற்குப் போவது வீண் அலைச்சல் என்பேன்.

அதற்காகச் சம்பள நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிரைவர் வாங்கும் சம்பளம் அவர் கையில் அவருடைய வருமானம். நீங்கள் கழித்தீர்களா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்கு அவர் சம்பளம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். அட்வான்ஸாகக் கொடுத்ததையும் அதே நோட்டில் தனியாக எழுதுங்கள். அது செலவு இல்லை, அவரிடமிருந்து திரும்ப வர வேண்டிய பணம்.

அப்புறம், வருமான வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர்-4 போடும்போது ஒவ்வொரு வண்டியின் பதிவு எண், டன், எத்தனை மாதம் என்று தனித்தனியாகக் கேட்கும், ஆர்.சி.களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டு வாடகை மாதிரி வேறு வருமானம் சேர்ந்து கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரி உண்டு. கடைக்காரர்கள் அவர்களுக்கான 44ஏடி பிரிவில் மார்ச் 15-ல் ஒரே தவணையாகக் கட்டுவதைப் பார்த்து நாமும் காத்திருக்கக் கூடாது. அந்தச் சலுகை நமக்கு இல்லை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணை, ஒவ்வொன்றும் 15-ம் தேதிக்குள்.