பணிக்கொடையில் கைவைத்த மிகை ஊதியம்

"ஐயா, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராக மே மாதம் ஓய்வு பெற்றேன். 2013இல் பதவி உயர்வின்போது ஊதியத்தைத் தப்பாக நிர்ணயித்துவிட்டார்களாம். ஓய்வூதியக் கருத்துரு போனபோது தணிக்கையில் கண்டுபிடித்து, ரூ.3,12,000ஐப் பணிக்கொடையில் பிடித்தம் செய்ய ஜூனில் ஆணை போட்டார்கள். தப்பு அலுவலகத்துடையது. 34 வருடம் ஒரு மெமோ வாங்காமல் உழைத்தவன் நான். அதே தப்பில் சிக்கிய இன்னொருவரிடம் பிடிக்கவில்லை. இது நியாயமா?"

மெமோ வாங்காததும் இன்னொருவர் தப்பித்ததும் வழக்குக்கு உதவாது. அவரிடம் பிடிக்காதது சட்டப்படி தவறு என்றால், அதே தவறை உங்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்க முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பணிப்பதிவேட்டில், கூடுதலாகத் தந்தது தெரியவந்தால் திருப்பித் தருகிறேன் என்று நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி இருக்கிறதா?

பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஊழியர் ஏமாற்றாமலே கிடைத்த மிகை ஊதியத்தை எப்போது பிடிக்கக்கூடாது என்று சில நிலைகளைச் சொன்னது. அதில் மூன்று உங்களுக்குப் பொருந்துகின்றன. நீங்கள் 'சி' பிரிவு ஊழியர். ஆணை வந்தபோது ஓய்வு பெற்றிருந்தீர்கள். மிகை ஊதியம் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தரப்பட்டிருக்கிறது. இதைப் படித்ததும் ஜெயித்துவிட்டதாகவே என் கட்சிக்காரர்கள் பலர் நினைத்துவிடுகிறார்கள்.

2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், திருத்திய ஊதியத்துக்கு விருப்பம் தரும்போதே 'மிகையானால் திருப்பித் தருவேன்' என்று எழுதிக் கொடுத்தவர், ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது என்றது. அங்கே பணத்தைத் தவணையில் பிடிக்க இரண்டு ஆண்டு அவகாசம் மட்டும் தந்தார்கள். ஊதியக்குழு வரும்போதெல்லாம் அலுவலகத்தில் ஒரு விருப்பப் படிவம் சுற்றிவரும். எழுத்தர் கை காட்டிய இடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். அந்தத் தாளின் அடியில்தான் பெரும்பாலும் உறுதிமொழி இருக்கும், யாரும் படிப்பதில்லை. என்னிடம் வந்த ஒருவர் அப்படி எதுவும் எழுதித் தரவில்லை என்று அடித்துச் சொன்னார். மனுவிலும் அப்படியே எழுதினோம். அரசு பதில் மனுவோடு அவர் கையெழுத்துள்ள நகலை வைத்தது. அதற்கப்புறம் அவர் சொன்ன மற்ற எதையும் நீதிபதி நம்பவில்லை.

அதனால் முதலில் பணிப்பதிவேட்டையும் விருப்பப் படிவத்தையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்குங்கள். உறுதிமொழி இருந்தால் எந்த நாள், எந்த ஊதிய நிர்ணயத்துக்காக என்று பாருங்கள். 2013 பதவி உயர்வு நிர்ணயத்தோடு சம்பந்தமில்லாத உறுதிமொழி என்றால் வாதிட இடம் இருக்கிறது. சம்பந்தம் இருந்தாலும் கதை முடியவில்லை. ஜக்தேவ் சிங் தீர்ப்பு நேரடியாகத் தொட்டது ஓய்வுபெற்றவர் என்ற நிலையை மட்டும்தான். ஆகவே மனுவில் 'சி' பிரிவு, ஐந்து ஆண்டு ஆகிய இரண்டையும் முன்னால் வைத்து, ஓய்வைப் பின்னால் வையுங்கள். இந்த வாதம் எல்லா நீதிபதியிடமும் எடுபடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

அடுத்த பொறி, பேராசை. ஊதிய மறுநிர்ணயத்தையே ரத்து செய்யக் கேட்காதீர்கள். நிர்ணயம் தவறு என்றால் இனிமேல் அதைச் சரிசெய்ய அரசுக்கு உரிமை உண்டு, ஓய்வூதியமும் சரியான ஊதியத்தில்தான் வரும். பிடித்தத்தோடு மறுநிர்ணயத்தையும் சேர்த்து ரத்து செய்யக் கேட்டால் வழக்கு, 'தப்பான சம்பளமே வேண்டும் என்கிறார்' என்று திரும்பிவிடும். கடந்த காலத்துக்கான பிடித்தத்தை மட்டும் எதிர்த்துப் போடுங்கள். ஆணைக்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பினால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதே ஆணையைத் திரும்பப் போடுவார்கள்.

இன்னொன்று. பணிக்கொடை சீக்கிரம் கிடைக்க 'பிடித்துக்கொள்ள சம்மதம்' என்று ஒரு கடிதம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், எந்தச் சூழலில் கொடுத்தீர்கள் என்பதை மனுவில் நீங்களே சொல்லிவிடுங்கள். பிடித்தம் நடக்கும் முன்பே இடைக்காலத் தடை வாங்குவது முக்கியம். பிடித்த பின் திருப்பித் தர ஆணை வாங்கலாம், ஆனால் பணம் கைக்கு வர இன்னொரு அலைச்சல்.

எப்போது சமரசம்? 2013 நிர்ணயத்துக்கென்றே நீங்கள் கொடுத்த உறுதிமொழி தெளிவாக இருந்து, பணமும் உங்கள் கையெழுத்தை நம்பித்தான் தரப்பட்டது என்று கோப்பில் தெரிந்தால், வட்டியில்லாமல் 24 தவணை கேட்டு எழுதுங்கள், மொத்தத் தொகையையும் ஒரே பிடியில் பிடிக்க வேண்டாம் என்று. உறுதிமொழி இல்லையென்றால் ஒரு ரூபாய்க்கும் சம்மதிக்காதீர்கள்.