சாப்பிடும் முன் யார், என்ன சொல்ல வேண்டும்? கேள்வி பதில்

ஓசூர் சிப்காட் பக்கம் கேன்டீன் நடத்துபவர்: எங்க கேன்டீனுக்கு ஜப்பான், கொரியா, ஜெர்மனியிலிருந்து வரும் இன்ஜினியர்கள் சாப்பிட வர்றாங்க. டேபிள்ல அவங்க மொழியில் "நல்லா சாப்பிடுங்க"ன்னு அட்டை வைக்கலாம்னு இருக்கேன். நெட்ல தேடி எடுத்தது: ஜப்பானியத்துக்கு "இத்தாதக்கிமாஸ்", கொரியனுக்கு "ஜால் மொக்கெஸ்ஸம்னிதா", ஜெர்மனுக்கு "கூட்டன் அப்பெட்டீட்". அச்சுக்குக் கொடுக்கலாமா?

மூன்றில் ஜெர்மன் மட்டும் சரி. மற்ற இரண்டையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இந்த மாதிரி பட்டியல்களில் எல்லா மொழிச் சொற்களையும் ஒரே வரிசையில் போட்டுவிடுகிறார்கள். யார் யாரிடம் சொல்வது என்பது அதில் இருக்காது. "இத்தாதக்கிமாஸ்" சாப்பிட உட்கார்ந்தவர் சொல்வது. தட்டு முன்னால் வந்த பிறகு, பலர் கை கூப்பி, "பெற்றுக்கொள்கிறேன்" என்று பணிவோடு சொல்லிவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார்கள். தனியாகச் சாப்பிடும்போதும் சொல்கிறவர்கள் உண்டு. ஆகவே அது எதிரில் இருப்பவருக்குச் சொல்லும் வாழ்த்தே இல்லை. கொரியன் சொல்லும் அதே வகைதான். "நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்று, சமைத்தவரையோ பில் கட்டப்போகிறவரையோ பார்த்து, சாப்பிடுகிறவர் சொல்வார். இவற்றை நீங்கள் அட்டையில் போட்டால், பரிமாறுகிறவரே சாப்பிட உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். வருகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உங்கள் நல்ல மனதைப் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் நீங்கள் சொல்ல நினைத்தது அது இல்லையே.

பரிமாறுகிறவர் சொல்வதற்கு அங்கே வேறு சொற்கள் இருக்கின்றன. ஜப்பானிய உணவகத்தில் தட்டை வைத்துவிட்டு "தோஸோ கொயுக்குரி" என்பார்கள். அவசரப்படாமல் இருங்கள் என்று பொருள். வீட்டில் உபசரிக்கிறவர் "தோஸோ, மெஷி அகத்தே குதசாய்" என்பார். கேன்டீனுக்கு முதலாவது பொருந்தும். கொரியனில் "மாஷிக்கே துசெயோ", அதாவது ருசித்துச் சாப்பிடுங்கள். இதை வீட்டுக்காரரும் சொல்லலாம், ஹோட்டல்காரரும் சொல்லலாம்.

ஜெர்மனில் இந்தச் சிக்கல் வருவதில்லை. பரிமாறுகிறவர், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர், பக்கத்து டேபிள்காரர் என யார் வேண்டுமானாலும் "கூட்டன் அப்பெட்டீட்" சொல்லலாம். பிரெஞ்சின் "போன் அப்பெத்தி"யும், போலந்தின் "ஸ்மாச்நேகோ"வும் அப்படித்தான்.

இனி வேறு மொழி அட்டை எழுத நேர்ந்தால், அந்த மொழிக்காரரிடம் "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் ஊர் ஹோட்டலில் சர்வர் இதைச் சொல்வாரா?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் சொல் அட்டைக்கு ஆகாது.

ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்: ஆபீஸில் கன்னடக்காரங்க "ஊட்ட ஆய்த்தா"ன்னு கேக்கிறாங்க. நான் இன்னும் இல்லைன்னு சொன்னா, சரின்னு போயிடறாங்க. கேக்கிறவங்க சாப்பாடு போட வேண்டாமா? இது என்ன வாழ்த்து?

நீங்கள் கேட்டது சாப்பாட்டு வாழ்த்தைப் பற்றியது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அது நலம் விசாரிப்பது. நம் "சாப்டீங்களா"வும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு வீடுகளில் கேட்கிற "தின்னாவா"வும் அதே வேலையைத்தான் செய்கின்றன. "ஆய்த்து, நிம்து?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் பேச்சு நகர்ந்துவிடும். உண்மையிலேயே பசி என்றால் "இன்னும் இல்ல, வாங்க போலாம்" என்று நீங்களே கூப்பிடுங்கள், பெரும்பாலும் வருவார்கள். சாப்பாட்டு வேளைக்கு வெளியே யாராவது இப்படிக் கேட்டால், அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர்: எங்க ஜெர்மன் இன்ஜினியர் மதியம் நடைபாதையில் பார்த்தாலே "மால்ட்சைட்" என்கிறார். கையில் சாப்பாடும் இல்லை, கேன்டீன் பக்கமும் போகலை. சாப்பாட்டு வாழ்த்து என்று டிக்‌ஷனரியில் இருக்கு.

டிக்‌ஷனரி சொல்வது பாதி சரி. "ஆசீர்வதிக்கப்பட்ட உணவாகட்டும்" என்று நீளமாகச் சொல்லிவந்தது சுருங்கி, வேலை செய்கிற இடங்களில் மதிய வணக்கமாகவே ஆகிவிட்டது. சாப்பிட்டு வருகிறவரும் சொல்வார், போகிறவரும் சொல்வார். நீங்களும் "மால்ட்சைட்" என்றால் போதும். காலையிலும் இரவிலும் வேண்டாம், அது மதியத்துக்கு உரியது. பழங்காலத்துப் பேச்சு என்று அதைத் தவிர்க்கிற ஜெர்மானியர்களும் இருக்கிறார்கள், எனவே அவர் சொல்லும்வரை காத்திருந்து திருப்பிச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி பிரியாணிக் கடைக்காரர்: அரபு நாட்டுக்காரங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. "பிஸ்மில்லாஹ்"ன்னு சொன்னா போதும், அதுதான் அவங்க வாழ்த்து. எங்க வீட்லயும் அதுதான்.

வீட்டில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதை வாழ்த்து என்று சொல்ல முடியாது. சாப்பிடுகிறவர் இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குவது அது. முதலில் சொல்ல மறந்தவர், நடுவில் நினைவு வந்தால் "பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு" என்று சொல்லிக்கொள்வதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சேர்த்துச் சொல்வது. மற்றவருக்கு வாழ்த்துச் சொல்கிறவர் மறந்துபோனால் இப்படி ஈடுகட்ட வேண்டிய தேவையே வராதே.

இன்னொருவருக்குச் சொல்வது தனியாக இருக்கிறது. லெபனான், சிரியா பக்கம் "ஸஹ்தைன்", அதாவது இரண்டு மடங்கு ஆரோக்கியம். கேட்டவர் "அலா அல்பக்" என்பார், உங்கள் இதயத்துக்கும் ஆகட்டும் என்று. "வாங்க, எடுத்துக்கோங்க" என்பதற்கு "தஃபத்தல்" என்பார்கள், பெண்ணாக இருந்தால் "தஃபத்தலி". சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், வந்தவரைக் கூப்பிடும்போது "பிஸ்மில்லாஹ்" என்று சொல்கிற வழக்கமும் சில அரபு நாடுகளில் உண்டு. அந்த அளவில் நீங்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

தருமபுரி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: இங்கிலீஷில் இதற்குச் சொந்தமாக ஒரு சொல் இல்லை, பிரெஞ்சிலிருந்து கடன் வாங்குகிறார்கள் என்று படித்தேன். தமிழிலும் இல்லை. நம் விருந்தோம்பலில் இது ஒரு குறை என்றே எனக்குப் படுகிறது.

ஐயா, முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். "என்ஜாய் யுவர் மீல்" பெரும்பாலும் ஹோட்டல்காரர் பேச்சு. இங்கிலீஷ் பேசும் வீடுகளில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடத் தொடங்குவதே வழக்கம், இல்லாவிட்டால் பிரெஞ்சுச் சொல்லையே சொல்வார்கள். பிரான்சிலேயே அதில் ஒரு சண்டை உண்டு. பசியையும் வயிற்றையும் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை என்று "போன் அப்பெத்தி"யை ஒதுக்குகிற பழைய ஆசார மேசைகள் இருக்கின்றன. மற்றபடி ஊரே அதைச் சொல்கிறது.

குறை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் பக்கம் உபசரிப்புச் சொல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே தடவையில் முடிவதில்லை, சாப்பிட்டு எழுகிறவரை வந்துகொண்டே இருக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் களி போடுவதைக் கவனியுங்கள். உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றும்போது "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்பார்கள். பாதியில் "மெதுவா, நிதானமா" என்பார்கள். முடியும் நேரத்தில் "இன்னொரு அரை உருண்டை" என்று கேட்காமலே வைப்பார்கள். "போதும்" என்று ஒரு தடவை சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகுதான் விடுவார்கள்.

வெளியாள் ஒருவர் தடுமாறுவதும் இங்கேதான். மெக்சிகோவில் ஹோட்டலை விட்டு வெளியே போகிறவர், முன்பின் தெரியாத டேபிளைப் பார்த்து "ப்ரொவெச்சோ" என்று சொல்லிப் போவது மரியாதை. அதே மனிதர் தருமபுரி மெஸ்ஸில் சாப்பிடுகிறவர் தட்டைப் பார்த்து "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிப் போனால், கண் வைத்ததாக நினைக்கிறவர்களும் உண்டு. நம் வழக்கத்தில் அந்தப் பேச்சைத் தொடங்குவது தட்டுக்காரர்தான். அவர் "வாங்க, சாப்பிடலாம்" என்பார். வந்தவர் "இப்பதான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்பார். அந்த "நீங்க சாப்பிடுங்க"தான் நம் வாழ்த்து. கூப்பிட்ட பிறகுதான் அது வரும்.

காரிமங்கலம், கல்யாணங்களுக்குச் சமைக்கும் பெண்: முன்னாடி சொல்றதெல்லாம் சரி. சாப்பிட்டு எழுந்தவங்க சமைச்சவங்களுக்கு ஏதாவது சொல்ற பழக்கம் எங்கயாவது இருக்கா? எனக்கு யாரும் சொன்னதில்லை.

இருக்கிறது அம்மா, சில இடங்களில் அதுதான் முக்கியமான சொல். துருக்கியில் சமைத்தவரைப் பார்த்து "எலினிஸே சாலுக்" என்பார்கள், உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம் என்று. சமைத்தவர் "ஆஃபியெத் ஓல்சுன்" என்று திருப்பிச் சொல்வார். அந்தச் சொல்லைச் சாப்பிடும் முன்னும், நடுவிலும், முடிந்த பிறகும் சொல்லலாம். ஜப்பானில் முடித்ததும் "கொச்சிசோஸமா தெஷ்தா", ஹோட்டலை விட்டுப் போகும்போதும் பலர் சொல்வார்கள். ஸ்வீடனில் குழந்தைகளுக்கு மேசையை விட்டு எழும்போது "தாக் ஃபோர் மாத்தென்", சாப்பாட்டுக்கு நன்றி என்று சொல்லப் பழக்குகிறார்கள்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தெலுங்குக்காரர்களில் சிலர் விருந்து முடிந்ததும் "அன்னதாதா சுகீபவ" என்பார்கள். சோறு போட்டவர் நன்றாக இருக்கட்டும் என்று அர்த்தம். தமிழில் "வயிறு நெறஞ்சுது" என்பது இதற்கு வெகு அருகில் வரும், ஆனால் அதைக் கூடத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம்தான் சொல்கிறார்கள். பந்தி முடித்து இலையை மடக்கியவர் சமையல்கட்டு வரைக்கும் வந்து சொல்வது அபூர்வம். உங்கள் வருத்தம் நியாயமானது.

மறுபடியும் கேன்டீன்காரர்: அட்டையை மாத்திட்டேன். தமிழ்ல என்ன போடறது? எங்க மேனேஜர் "உணவை ரசித்து உண்ணுங்கள்"னு எழுதச் சொல்றார்.

நானாக இருந்தால் "வாங்க, நிதானமா சாப்பிடுங்க" என்று எழுதுவேன். நம் வாயில் வருவது அதுதான், ஜப்பானிய அட்டைக்கும் ஒத்துப்போகிறது.

தருமபுரி ஆசிரியர்: அட்டையில் பேச்சுத்தமிழ் வேண்டாம். வெளிநாட்டுக்காரர் மட்டுமா படிக்கப் போகிறார், நம் பிள்ளைகளும் படிப்பார்கள். மேனேஜர் சொன்னதே நன்று.

ஐயா சொல்வதும் ஒரு பக்கம் இருக்கிறது. மேனேஜர் வரியைப் படித்தால் எனக்கு விளம்பரம் மாதிரி இருக்கிறது, ஐயாவுக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டையும் வேறு வேறு டேபிளில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். உங்கள் ஆட்கள் தட்டு வைக்கும்போது எந்த வரியைத் தானாக வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று கவனித்து, அதையே அச்சுக்குக் கொடுங்கள்.